வலியின் வேலையைச் செய்யும் பட்டியல்

கொல்லிமலையில் 1914-இல் பிறந்த பால் பிராண்ட், லண்டனில் அறுவை சிகிச்சை படித்துவிட்டு 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் வந்து சேர்ந்தார். மறுவருடம் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனைக்குப் போனவர், விரல்கள் மடங்கிப்போன ஒருவரிடம் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். இரும்புப் பிடி! பிராண்டுக்குக் கை வலித்தது. இந்த நோயில் சதை அழுகிவிடும் என்றுதான் எல்லோரும் நம்பியிருந்தார்கள். அழுகிய கைக்கு இவ்வளவு பலம் ஏது?

தசை சாகவில்லை, சில நரம்புகள்தான் செயலிழந்திருந்தன. நல்ல தசைநாரை இடம்மாற்றித் தைத்து, மடங்கிய விரல்களை நிமிர்த்தினார் பிராண்ட். குணமானவர்கள் வேலூரிலேயே ‘புது வாழ்வு மைய’த்தில் தங்கித் தச்சுவேலை பழகினார்கள். ஆனால் சீரான கைகளில் புதுப் புண்கள் வரத் தொடங்கின. விரல்கள் மறுபடியும் குட்டையாயின.

ஒருநாள் துருப்பிடித்த பூட்டொன்று பிராண்டுக்குத் திறக்கவில்லை. பக்கத்தில் நின்ற பையன் சாவியை வாங்கி ஒரே திருகில் திறந்துவிட்டான். தரையில் ரத்தம் சொட்டியது. சாவி அவன் விரலை எலும்புவரை கிழித்திருந்தது. அவனுக்கோ அது தெரியவே இல்லை.

அதன்பிறகு ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடினார்கள். சூடான பாத்திரம், சுத்தியலின் கைப்பிடி என்று ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. ஒரு புதிர் மட்டும் மிஞ்சியது. இரவில் முழு விரலோடு படுத்தவர், காலையில் அதில் ஒரு துண்டு இல்லாமல் எழுந்தார். ராத்திரி விழித்திருந்து பார்த்தபோது திருடன் அகப்பட்டான்: எலி! வலிக்காததால் தூங்கியவர் கையை இழுத்துக்கொள்ளவே இல்லை.

பூனைகள் வந்தன. வீடு திரும்பியவர்களும் ஆளுக்கொரு பூனை கொண்டுபோக வேண்டியிருந்தது. அதோடு தினசரி விதிகளும் வந்தன: கை, கால்களைக் கண்ணால் பார், சிவந்தோ சூடாகவோ இருந்தால் ஓய்வு கொடு, வறண்ட தோலை நீரில் ஊறவைத்து எண்ணெய் தடவு, செருப்புக்குள் ஆணி இருக்கிறதா என்று பார்.

பிராண்ட் 1966-இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே இன்னொரு கூட்டம் காத்திருந்தது. அவர்களுக்குத் தொழுநோய் இல்லை. ஆனால் பாதம் அதேபோல் மரத்து, அதேபோல் புண்ணாகியிருந்தது.

அவர்கள் சர்க்கரை நோயாளிகள். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையைப் பாதத்தில் வைத்து, அது தெரியாதவரின் காலுக்கு ஆபத்து என்று கார்வில் குழு கண்டது. அங்கே 1992-இல் தொடங்கிய கால் காப்புத் திட்டத்தில், தினமும் பாதத்தைத் தானே பார்ப்பது ஒரு கட்டாய அங்கமானது.

இன்று சர்க்கரை நோய் மருத்துவமனைகளில் கொடுக்கும் பாதப் பராமரிப்புத் தாளில் இருப்பது இந்த வழிமுறைதான். குனிய முடியாதவர் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். செருப்பு போடுமுன் உள்ளே கைவிட்டுத் துழாவ வேண்டும். வெந்நீரை முழங்கையால் சோதிக்க வேண்டும், ஏனென்றால் விரலும் மரத்திருக்கலாம். ஒரு வரி மட்டும் தலைகீழானது. பாதத்தை நீரில் ஊறவைக்கச் சொன்ன இடத்தில், ஊறவைக்காதே என்று இருக்கிறது. விரலிடுக்கில் ஈரம் தங்கினால், சர்க்கரை உள்ளவருக்கு அங்கே புண் தொடங்கலாம்.