கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றுதல்

பக்கவாதத்தால் ஒரு பக்கம் தளர்ந்தவரைத் தூக்காமல், அவருடைய நல்ல காலின் பலத்தைக் கொண்டே இடம் மாற்றும் முறை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வீடு தேடி வருகிறது. ஆனாலும் அன்றாடம் எழுப்பி உட்கார வைப்பது வீட்டார்தான்.

திருமயத்தில் வலப்பக்கம் தளர்ந்த ஒரு தாயை மகள் மாற்றுவதாகக் கொள்வோம். நாற்காலியைத் தாயின் இடப்பக்கம், அதாவது பலமுள்ள பக்கம், கட்டிலுக்குச் சற்றுச் சாய்வாக நிறுத்த வேண்டும். இரு பிரேக்குகளையும் போட்டு, கால்தாங்கிகளை ஒதுக்கிவிட வேண்டும். தாயைக் கட்டில் விளிம்பில், பாதங்கள் தரையில் பதிய உட்கார்த்தி, ஓரிரு நிமிடம் பொறுக்க வேண்டும். படுத்தே இருந்தவருக்கு உடனே எழுந்தால் இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். முகம் வெளிறினால் மீண்டும் படுக்க வைப்பதே சரி.

பிறகு மகள் கால்களை அகட்டி, முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கி நின்று, தாயின் வலது முழங்கால் மடங்கிவிடாதபடி தன் முழங்காலால் அணைக்கிறார். இடுப்பில் சுற்றிய உறுதியான பட்டையைப் பிடித்துக்கொள்கிறார். தாய் முன்னே குனிந்ததும், “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று சொல்லி இருவரும் சேர்ந்து எழுகிறார்கள். சிறு அடிகளாகத் திரும்பி, காலின் பின்புறம் இருக்கையில் பட்ட பிறகே தாய் உட்கார்கிறார்.

அக்குளில் கைகொடுத்துத் தூக்கக் கூடாது. தளர்ந்த கையை இழுத்தால் தோள் மூட்டு விலகக்கூடும்.

தொய்ந்த கயிற்றுக் கட்டிலிலிருந்து எழுவது கடினம். நல்ல காலும் ஊன்ற முடியாதவருக்கு இம்முறை பொருந்தாது. அவரை மாற்றப் பயிற்சி பெற்ற இருவரோ தூக்கு கருவியோ வேண்டும்.