கண்ணைத் திறந்தவர்களுக்கு நன்றி

1973 ஆகஸ்ட். ஹோண்டா மோட்டார் நிறுவனம் தன் ஊழியர்களுக்காக நடத்திவந்த இதழில் ஒரு கடிதம் வெளியானது. எழுதியவர் நிறுவனர் சோய்ச்சிரோ ஹோண்டா. அடுத்த மாதம் 24ஆம் தேதி கம்பெனிக்கு 25 வயது. அந்த நேரத்தில் ஒரு முதலாளி எழுதும் கடிதத்தில் என்ன இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்: எத்தனை வண்டி விற்றோம், எத்தனை நாட்டுக்குப் போனோம், இனி எங்கே போகப் போகிறோம் என்பதெல்லாம் இருக்கும். ஹோண்டாவோ தான் பதவியிலிருந்து விலகுவதைச் சொல்ல எழுதினார். அதைவிட முக்கியமாக, ஒரு விஷயத்தில் தன் ஆராய்ச்சிக்கூடத்து இளைஞர்கள் சொன்னதே சரி, தன் பார்வை குறுகியிருந்தது என்று எல்லா ஊழியர்களுக்கும் தெரியும்படி எழுதினார்.

அந்த ஒப்புதலின் கனம் புரிய, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கொல்லர் மகனான ஹோண்டா, 1946இல் ஹமமட்சு நகரத்தில் ஒரு சிறு கொட்டகையில் தொழில் தொடங்கினார். போரில் ராணுவம் வயர்லெஸ் கருவிகளுக்கு மின்சாரம் எடுக்கப் பயன்படுத்திய குட்டி என்ஜின்கள் மிச்சம் கிடந்தன. அவற்றை வாங்கிச் சைக்கிளில் பொருத்தி விற்றார். முதல் மாதிரி வண்டிக்கு பெட்ரோல் டாங்க் எது தெரியுமா? குளிருக்கு வெந்நீர் ஊற்றிப் படுக்கையில் வைத்துக்கொள்ளும் தகரக் குப்பி! பெட்ரோலுக்கு ரேஷன் இருந்ததால் பைன் மர வேரிலிருந்து எடுத்த எண்ணெயையும் கலந்து ஓட்டினார்கள்.

மறு வருடம், உள்ளூர்த் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்த கியோஷி கவாஷிமா என்ற இளைஞர் வேலை கேட்டு ஹோண்டாவின் வீட்டுக்கே வந்தார். பெரிய சம்பளம் தர முடியாது என்று ஹோண்டா முதலிலேயே சொல்லிவிட்டார். கவாஷிமா சேர்ந்துவிட்டார். கம்பெனி சட்டப்படி பதிவானது அதற்கும் பிறகு, 1948 செப்டம்பர் 24இல்தான். அதற்கடுத்த ஆண்டு டேக்கியோ ஃபுஜிசாவா வந்து சேர்ந்தார். பணம், விற்பனை, நிர்வாகம் எல்லாம் அவர் பொறுப்பு. ஹோண்டாவுக்குப் பட்டறையும் என்ஜினும் போதும். இந்தப் பங்கீடு கடைசிவரை மாறவில்லை.

1951 ஜூலை 15. கவாஷிமா வரைந்த 146 சிசி, நான்கு ஸ்ட்ரோக் என்ஜின் கொண்ட புதிய ‘ட்ரீம்’ மோட்டார் சைக்கிளுக்கு ஹக்கோனே மலைப்பாதையில் சோதனை. ஓட்டியவரும் கவாஷிமாதான். புயல் மழை கொட்டுகிறது. ஹோண்டாவும் ஃபுஜிசாவாவும் ப்யூக் காரில் பின்தொடர்கிறார்கள். அந்தக் காலத்து மோட்டார் சைக்கிள்கள் அந்த ஏற்றத்தில் சூடேறி, நடுவழியில் நின்று மூச்சு வாங்குவது வழக்கம். இந்த வண்டியோ டாப் கியரிலேயே ஏறி, காரையும் பின்னால் விட்டுவிட்டு உச்சிக்குப் போய்விட்டது. உச்சியில் மூவரும் மழையில் நனைந்தபடி கொண்டாடினார்கள். பிறகு ஐல் ஆஃப் மேன் பந்தயத்துக்கு 1959இல் முதன்முதலாகப் போன ஹோண்டா அணிக்குத் தலைமை தாங்கியவரும் இதே கவாஷிமா.

இவ்வளவு தூரம் ஒன்றாக வந்தவர்களுக்கும் முதலாளிக்கும் ஒரு கட்டத்தில் முட்டிக்கொண்டது. காரணம், என்ஜினை எதைக் கொண்டு குளிரவைப்பது என்ற கேள்வி. தண்ணீரில் குளிரும் என்ஜினும், அந்தத் தண்ணீரைக் கடைசியில் காற்றில்தான் குளிரவைக்கிறது; அப்படியிருக்க நேராகக் காற்றையே பயன்படுத்தினால் என்ன என்பது ஹோண்டாவின் வாதம். அந்தப் பிடிவாதத்தில் பிறந்த ‘ஹோண்டா 1300’ கார் 1969இல் விற்பனைக்கு வந்தது. நல்ல வேகம். ஆனால் என்ஜின் கனமானது, செய்யும் செலவும் அதிகம். அதைவிடப் பெரிய சிக்கல் புகை. புகையிலுள்ள நச்சைக் குறைக்க வேண்டுமானால் சிலிண்டரின் வெப்பநிலை ஒரே சீராக இருக்க வேண்டும். காற்றில் குளிரும் என்ஜினில் அதை அவ்வளவு எளிதாகக் கட்டுப்படுத்த முடியாது. இதை எடுத்துச் சொன்ன இளம் பொறியாளர்களில் முன்னால் நின்றவர் டடாஷி குமே. ஹோண்டா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

விஷயம் ஃபுஜிசாவாவிடம் போனது. அவர் என்ஜினைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. நீங்கள் இந்தக் கம்பெனிக்குத் தலைவராக இருக்கப் போகிறீர்களா, பொறியாளராக இருக்கப் போகிறீர்களா, இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள் என்று மட்டும் ஹோண்டாவைக் கேட்டார். தலைவராகத்தான் இருக்க வேண்டும் என்றார் ஹோண்டா. அப்படியானால் தண்ணீர் என்ஜின் செய்ய இளைஞர்களை விட்டுவிடலாமே என்றார் ஃபுஜிசாவா. ஹோண்டா ஒப்புக்கொண்டார். தன் வாழ்நாள் நம்பிக்கையை அவர் விட்டுக்கொடுத்த இடம் இது. என் கணிப்பில், ஹோண்டா நிறுவனத்தின் சரித்திரத்திலேயே பெரிய திருப்பம் இதுதான்.

1970இல் அமெரிக்கா தூய காற்றுச் சட்டத்தைக் கடுமையாக்கியது. கார் புகையிலுள்ள நச்சுகளைப் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கச் சொன்னது. முடியாத காரியம் என்று அமெரிக்காவின் பெரிய கம்பெனிகள் முறையிட்டன. ஹோண்டா இளைஞர்கள் செய்துகாட்டிய வழிக்கு சி.வி.சி.சி. என்று பெயர். சிலிண்டரின் தலையில் ஒரு குட்டி அறை. அதற்குள் மட்டும் பெட்ரோல் தாராளமாகக் கலந்த காற்று போகும். ஸ்பார்க் பிளக் அதைப் பற்றவைக்கும். அங்கிருந்து பாயும் தீ, பெரிய அறையில் பெட்ரோல் மிகக் குறைவாகக் கலந்த காற்றை நிதானமாக எரிக்கும். வெப்பம் உச்சத்துக்குப் போகாததால் நைட்ரஜன் ஆக்சைடு குறைகிறது. எரிதல் நீடிப்பதால் கார்பன் மோனாக்சைடும் எரியாத பெட்ரோலும் உள்ளேயே தீர்ந்துவிடுகின்றன. புகைக்குழாயில் தனிச் சுத்திகரிப்புக் கருவி எதுவும் தேவைப்படவில்லை. 1972 டிசம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறையின் சோதனையில் இந்த என்ஜின் தேறியது. 1975ஆம் ஆண்டுக்கான வரம்பை முதலில் எட்டியது கார் தொழிலில் இறங்கிப் பத்து வருடம்கூட நிறையாத இந்தக் கம்பெனிதான்.

இந்த வேலை நடந்துகொண்டிருந்தபோது, பெரிய கம்பெனிகளோடு ஒரே கோட்டில் நின்று ஓட நமக்குக் கிடைத்த அருமையான வாய்ப்பு இது என்று ஹோண்டா உற்சாகப்படுத்தினார். இளைஞர்களுக்கு அது பிடிக்கவில்லை. இது கம்பெனி லாப விஷயம் அல்ல, கார் செய்பவர்கள் சமூகத்துக்குச் செய்ய வேண்டிய கடமை என்று திருப்பிச் சொன்னார்கள். 1973 கடிதத்தில் ஹோண்டா இந்தச் சம்பவத்தைத்தான் எடுத்து எழுதினார். அவர்கள் தன் கண்ணைத் திறந்துவிட்டார்கள், மனம் நெகிழ்ந்துபோனேன் என்றார். இந்த 25 வருடமே தன் வாழ்க்கையில் நிறைவான காலம், எல்லோரும் நன்றாக உழைத்தீர்கள் என்று சொல்லி, நன்றியை ஒரு முறைக்கு இருமுறை கூறி முடித்தார். சொன்னதைச் செய்தவர்களைப் பாராட்டுகிற முதலாளிகள் ஏராளம். மறுத்துப் பேசியவர்களுக்கு, அந்த மறுப்புக்காகவே நன்றி சொன்னதால்தான் இந்தக் கடிதம் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

விலகும் பேச்சை முதலில் எடுத்தவர் ஃபுஜிசாவா. அது காதுக்கு வந்ததும், இருவரும் சேர்ந்தே போவோம் என்று ஹோண்டா சொல்லிவிட்டார். அக்டோபரில் இருவரும் ஆலோசகர்களானார்கள். ஹோண்டாவுக்கு அப்போது 66 வயது. தலைவர் நாற்காலி அவர் மகனுக்குப் போகவில்லை. 1947இல் குறைந்த சம்பளத்துக்குச் சேர்ந்த கவாஷிமாவுக்குப் போனது. அவருக்கு வயது 45.

கடிதத்தில் சொன்ன நன்றியை நேரிலும் சொல்ல ஹோண்டா புறப்பட்டார். தொழிற்சாலை, விற்பனை நிலையம், இரண்டு மூன்று பேர் வேலை செய்யும் சின்ன சர்வீஸ் கடை என்று ஜப்பான் முழுக்க ஏறத்தாழ 700 இடங்களுக்குப் போய், ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் குலுக்கினார். ஓரிடத்தில் ஒரு தொழிலாளி, கையில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்ததால் நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். இந்தக் கைதான் எனக்குப் பிடிக்கும் என்று ஹோண்டா அதை இழுத்துப் பற்றிக்கொண்டார். ஜப்பானை முடித்த பிறகு வெளிநாட்டுக் கிளைகளுக்கும் போனார்.

கவாஷிமா 10 வருடம் தலைவராக இருந்து 1983இல் விலகினார். அவருக்குப் பின் மூன்றாவது தலைவராக வந்தவர், காற்றா தண்ணீரா என்று ஹோண்டாவோடு மல்லுக்கு நின்ற டடாஷி குமே.