தொனான்ட்சின்: ‘நம்’ என்னும் முன்னொட்டு நிலைத்த கதை

மெக்சிகோ நகரின் வடக்கே தெப்பெயாக் என்றொரு குன்று. குவாதலூப்பே மாதாவின் திருத்தலம் அதன் அடிவாரத்தில் இருக்கிறது. ‘குவாதலூப்பே’ ஸ்பெயினிலிருந்து வந்த பெயர். எஸ்த்ரெமதூரா வட்டாரத்தில் அதே பெயரில் பழைய மாதா கோயில் ஒன்று உண்டு. ஆனால், நாவாட்ல் மொழி பேசிய மண்ணின் மக்கள் தெப்பெயாக் மாதாவை அழைத்த பெயர் வேறு: தொனான்ட்சின்.

இந்தச் சொல்லைப் பிரிப்பது எளிது. ‘தொ’ என்றால் நம்முடைய. ‘நான்’ என்பது தாயைக் குறிக்கும் பகுதி. ‘ட்சின்’ மரியாதை விகுதி. தமிழில் அன்னையார் என்பதிலுள்ள ‘ஆர்’ போன்றது. ஆக, ‘நம் அன்னையார்’. இது ஒரு தெய்வத்துக்கு மட்டும் உரிய பெயரன்று, உறவுச் சொல்லால் அமைந்த விளி. பூமியோடும் பிறப்போடும் தொடர்புடைய தாய்த் தெய்வங்களை மக்கள் இப்படி அழைத்துவந்தார்கள்.

அஸ்டெக் தலைநகர் 1521இல் வீழ்ந்தது. 1524இல் பன்னிரண்டு பிரான்சிஸ்கன் துறவிகள் வந்து சேர்ந்தார்கள். கோயில்களை இடித்தார்கள், கூட்டங்கூட்டமாக ஞானஸ்நானம் கொடுத்தார்கள், பிரபுக்களின் பிள்ளைகளை மடத்தில் சேர்த்து எழுத்தும் வேதமும் கற்பித்தார்கள். போதிப்பதற்காக நாவாட்லைத் தாங்களும் கற்றார்கள். கடவுளைக் குறிக்க உள்ளூர்ச் சொல்லை மட்டும் நம்பினால் பழைய தெய்வங்கள் உடன் வந்துவிடும் என்று அஞ்சி, ‘தியோஸ்’ என்ற ஸ்பானியச் சொல்லையே புகுத்தினார்கள். மரியாள் விஷயத்தில் அந்த எச்சரிக்கை தளர்ந்தது. ‘நம் தாய்’ என்பது கிறிஸ்தவப் பக்திக்கும் இயல்பாகப் பொருந்தியதால், தொனான்ட்சின் பிரசங்க மேடையேறியது.

அதன் விளைவைக் கண்டு கலங்கியவர் பெர்னார்டினோ தே சஹாகுன். 1529இல் வந்த துறவி. நாவா மக்களின் வாழ்வை அவர்கள் வாய்மொழியாகவே கேட்டு எழுதவைத்தவர். தெப்பெயாக்கில் முன்பு தெய்வங்களின் தாய்க்குக் கோயில் இருந்தது, அவள் பெயரும் தொனான்ட்சின், இருபது லீக்குக்கு அப்பாலிருந்தும் காணிக்கையோடு ஆட்கள் வந்தார்கள் என்று 1576இல் பதிவு செய்கிறார். இருபது லீக் என்பது ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். ஊர்தோறும் மாதா கோயில் இருக்க, அவற்றை விட்டுவிட்டு முன்போலவே இங்கு வருவதுதான், பழைய தெய்வத்தையே தேடி வருகிறார்கள் என்ற அவருடைய சந்தேகத்துக்கு ஆதாரம். பெயர் ஒன்றாக இருப்பதை மட்டும் அவர் பார்க்கவில்லை. மக்கள் நடந்த வழியையும் பார்த்தார்.

அவர் சொன்ன பரிகாரம் இலக்கணத்தில் இருந்தது. ‘தியோஸ் இனான்ட்சின்’ என்று சொல்லுங்கள் என்றார். ‘இ’ என்றால் அவருடைய. ஆக, ‘கடவுளின் அன்னையார்’. ‘தொ’ போய் ‘இ’ வந்தால் அவள் கிறிஸ்துவின் தாய் என்பது உறுதியாகும். பழைய தாய்க்கு இடமிருக்காது. அந்த ஒரு முன்னொட்டில்தான் சிக்கல் இருக்கிறது என்பதை அவர் சரியாகவே கண்டுகொண்டார்.

இதே நிலையை அவர் த்லாஸ்காலா பகுதியிலும் சுட்டுகிறார். அங்கே வழிபடப்பட்டவள் தொசி. ‘தொ’வோடு பாட்டியைக் குறிக்கும் ‘சி’ சேர, ‘நம் பாட்டி’. புனித அன்னம்மாள் இயேசுவின் பாட்டி, ஆகவே நமக்கும் பாட்டி என்று போதகர்கள் விளக்க, அவளும் தொசி ஆனாள். சாந்தா அனா சியாவ்தெம்பான் என்ற ஊர்ப்பெயரில் அன்னம்மாள் இன்றும் இருக்கிறாள். புதிய மதத்தின் குடும்ப உறவுகளை மக்கள் தங்கள் உறவுமுறைச் சொற்களுக்குள் வாங்கிக்கொண்டார்கள்.

இந்த விளக்கத்துக்கு எல்லையும் உண்டு. தெப்பெயாக்கில் இருந்த பழைய கோயிலுக்கு முதன்மைச் சான்று சஹாகுனின் எழுத்துதான். மரியாளைத் தொனான்ட்சின் என்றவர்கள் எல்லோரும் பழைய தெய்வத்தை ஒளித்துவைத்துக் கும்பிட்டார்கள் என்று முடிவு கட்ட முடியாது. அந்தச் சொல்லைக் கற்பித்ததில் துறவிகளுக்கும் பங்கிருக்கிறது. ஒரே விளி, கும்பிடுபவரின் மனத்துக்கேற்ப இருவரையும் தாங்கியது. பழைய நம்பிக்கை தங்குவதற்குத் தனிச் சடங்கு வேண்டியிருக்கவில்லை. நாள்தோறும் சொல்லும் ஜெபத்திலேயே அதற்கு இடம் கிடைத்தது.

சஹாகுனின் பரிகாரம் பலிக்கவில்லை. தெப்பெயாக்கில் மாதா காட்சி தந்த கதையை 1649இல் லாஸோ தே லா வேகா என்னும் குரு நாவாட்ல் மொழியிலேயே அச்சிட்டார். அந்த நூலின் நீண்ட தலைப்பில் மரியாளுக்கு வரும் அடைமொழி ‘தொத்லாசோநான்ட்சின்’, நம் அருமை அன்னையார். ‘அருமை’ என்ற பொருளில் ‘த்லாசோ’ நடுவில் சேர்ந்திருக்கிறது. சஹாகுன் நீக்கச் சொன்ன ‘தொ’ இப்போது திருச்சபைக் குருவின் கையாலேயே அச்சேறியிருந்தது.