வக்கீல் நோட்டீஸ் (பில் பாக்கி)

சரக்கு கொடுத்தவர் வராத பணத்தைக் கேட்டு, வழக்குக்கு முன் வழக்கறிஞர் மூலம் அனுப்பும் எழுத்து வடிவக் கோரிக்கை. இதில் உணர்ச்சிக்கு இடமில்லை. தேதியும் தொகையும் பேச வேண்டும்.

கப்பலூர் தொழிற்பேட்டையின் சிறு உற்பத்தியாளர் ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 4,00,000 ரூபாய்ச் சரக்கை, 45 நாள் கடன் என்ற எழுத்து ஒப்பந்தத்தில் அனுப்புகிறார். வாங்கியவர் 2024 ஜனவரி 10 அன்று குறை சொல்லாமல் ஏற்று, 1,50,000 மட்டும் தருகிறார். நோட்டீஸில் ஆர்டர், பில் எண், டெலிவரி சலான், வரவு ஆகியவற்றை வரிசையாகச் சொல்லி, பாக்கி 2,50,000 என்று முடிக்க வேண்டும். வந்த தொகையை மறைத்தால் மொத்தக் கணக்கின் மீதும் சந்தேகம் விழும். கெடுவாக, நோட்டீஸ் கிடைத்த 15 நாட்கள் என்று திட்டவட்டமாகக் குறிப்பிடலாம். 'விரைவில்' என்பது கெடு ஆகாது.

உற்பத்தியாளர் பதிவுபெற்ற குறு, சிறு நிறுவனமானால் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிப்ரவரி 25 முதல் ரிசர்வ் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கில், மாதந்தோறும் கூட்டு வட்டி கேட்கலாம்.

பலர் ஏமாறும் இடம் காலவரையறை. நோட்டீஸ் அனுப்பியதால் மட்டும் வழக்குத் தொடுப்பதற்கான மூன்றாண்டுக் கெடு நீளாது. இங்கு அது 2027 பிப்ரவரி 24. அதற்குள் கடன்பட்டவர் பாக்கியை எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால், அன்றிலிருந்து புதிய மூன்றாண்டு தொடங்கும். அதனால் பதில் கடிதத்தைப் பத்திரப்படுத்துவது அவசியம். நோட்டீஸ் அனுப்பிய தபால் ரசீதும் அது சேர்ந்ததற்கான சான்றும் அதே கோப்பில் இருக்கட்டும்.