பச்சை விளக்கு எரிகிறது. விளையாட்டு மட்டும் ஏன் விக்குகிறது?

ஈதர்நெட் கேபிளுக்குள் எட்டு மெல்லிய கம்பிகள் இருக்கின்றன. இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு சோடிகள் அவை: செம்மஞ்சள், பச்சை, நீலம், மண்ணிறம். ரவுட்டரில் ஒரு முனையையும் பிளேஸ்டேஷனில் மறு முனையையும் செருகியதும், தரவு போகும் முன்னரே இரண்டு கருவிகளும் தமக்குள் ஒரு பேரம் பேசுகின்றன. ‘என்னால் 10, 100, 1000 மெகாபிட் முடியும், உன்னால்?’ என்று சிறு மின் துடிப்புகளால் கேட்டு, இருவருக்கும் முடிந்த மிகக் கூடிய வேகத்தைத் தெரிவு செய்கின்றன.

இந்தப் பேரம் செம்மஞ்சள், பச்சைச் சோடிகளில் மட்டுமே நடக்கும். 100 மெகாபிட் வேகத்துக்கும் அந்த இரண்டு சோடிகள் போதும். 1000 மெகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். நீலத்திலோ மண்ணிறத்திலோ ஒரு கம்பி அறுந்திருந்தால், இரு பக்கமும் 1000 என்று உடன்பட்டுவிட்டு அந்த வேகத்தில் தொடங்கப் பார்க்கும், முடியாது. சில தடவை முயன்றபின் பெரும்பாலான கருவிகள் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். திரையில் எந்த எச்சரிக்கையும் வராது, விளக்கும் எரியும். சில கருவிகளுக்கு இறங்கத் தெரியாது. அவற்றில் இணைப்பு வருவதும் போவதுமாக இருக்கும்.

100 மெகாபிட் ஒரு விளையாட்டுக்குத் தாராளம். இணையத்தில் ஒரு போட்டி ஆட வழக்கமாக ஒரு மெகாபிட்கூடத் தேவைப்படாது. ஆகவே வேகம் குறைந்ததால் விளையாட்டு கெடுவதில்லை. ஒரு சோடியைக் கெடுத்த அதே முறிவு, அதே துரு, அதே தளர்ந்த பிளக் மற்றச் சோடிகளையும் பெரும்பாலும் விட்டுவைப்பதில்லை. 100 என்ற எண்ணை ஒரு காய்ச்சல் போலத்தான் பார்க்க வேண்டும். நோய் வேறிடத்தில் இருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இதை நேரில் பார்த்தேன். ரொறன்ரோவில் இருக்கும் சித்தப்பா அனுப்பிய பிளேஸ்டேஷன் 4 அது. அங்குள்ள சித்தப்பாவின் மகனும் இங்குள்ள பொடியனும் சனிக்கிழமைகளில் சேர்ந்து விளையாடுவார்கள். நேரில் ஒருபோதும் சந்திக்காத இரண்டு பேர் கதைத்துப் பழகுவது அந்த ஹெட்செட் வழியாகத்தான். மூன்று மாதமாக அது சரிவரவில்லை. “அண்ணா, நான் ஓடினா திரும்பப் பின்னுக்கு இழுத்து விடுது. அவன்ர குரலும் விட்டு விட்டுத்தான் கேக்குது” என்றான். தாய்க்கு வேறு கவலை. “லைன் பிழையெண்டு மூண்டு தரம் கோல் எடுத்தாச்சு தம்பி. வந்து பாத்திட்டு எல்லாம் சரியெண்டு போட்டாங்கள். இனிக் காசு கூடின பக்கேஜுக்கு மாறட்டோ?”

வந்து பார்த்தவர்கள் பொய் சொல்லவில்லை. வீதியிலிருந்து ரவுட்டர் வரை எல்லாம் சரியாகவே இருந்தது. ரவுட்டருக்குப் பக்கத்தில் கைப்பேசி 140 மெகாபிட் காட்டியது. பிளேஸ்டேஷனின் சோதனை 61 காட்டியது. அந்தச் சோதனை பதிவிறக்க, பதிவேற்ற வேகங்களைத்தான் சொல்லும். எத்தனை பொதிகள் தொலைந்தன என்று சொல்லாது. எக்ஸ்பொக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு அதன் நெட்வேர்க் அமைப்புகளிலேயே பொதி இழப்பு வீதம் தெரியும்.

ஆகவே கேபிளை பிளேஸ்டேஷனிலிருந்து கழற்றி என் மடிக்கணினியில் செருகினேன். வைஃபையை நிறுத்திவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் எந்த வழியைச் சோதிக்கிறோம் என்றே தெரியாமல் போய்விடும். விண்டோஸில் பவர்ஷெல்லைத் திறந்து இரண்டு கட்டளைகள்:

```
Get-NetAdapter
ping -n 200 -l 1400 192.168.1.1
```

முதலாவது, `LinkSpeed` என்ற நிரலில் பேரத்தின் முடிவைக் காட்டும். `100 Mbps` என்றிருந்தது. கணினியும் ரவுட்டரும் 1000 மெகாபிட் கருவிகள் என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். பழைய ரவுட்டர்கள் பலவற்றில் துளையின் உச்ச வேகமே 100தான், அங்கே இந்த எண் ஒரு குறையல்ல.

இரண்டாவது, ரவுட்டருக்கு 200 பொதிகளை அனுப்பி எத்தனை திரும்பி வருகின்றன என்று எண்ணும். கடைசியில் உள்ளது ரவுட்டரின் முகவரி. உங்கள் வீட்டில் வேறாக இருந்தால் `ipconfig` என்று தட்டி `Default Gateway` வரியைப் பாருங்கள். 200இல் 9 திரும்பவில்லை. வீட்டுக்குள்ளேயே 9 தொலைகிறது என்றால் வெளியே இருக்கும் நிறுவனத்தை ஏசிப் பயனில்லை. `-l 1400` இல்லாமல், வழக்கமான 32 பைட் அளவில் அனுப்பியபோது ஒன்றுகூடத் தொலையவில்லை. பொதி பெரிதானால் அதற்குள் ஒரு பிழையாவது விழும் வாய்ப்பும் கூடும் என்பதே காரணம். சின்னப் பொதியால் சோதித்துவிட்டு ‘நல்லாயிருக்கு’ என்று போகிறவர்கள் நிறையப் பேர்.

ஒவ்வொரு பொதியின் முடிவிலும் ஒரு சரிபார்ப்பு எண் இருக்கும். கம்பியில் ஒரு பிட் மாறினாலும் அந்த எண் பொருந்தாது. பெறும் கருவி முழுப் பொதியையும் பேசாமல் எறிந்துவிடும், திருப்பிக் கேட்காது. பதிவிறக்கம், யூடியூப் போன்றவற்றில் மேலிருக்கும் மென்பொருள் தொலைந்ததை மறுபடி கேட்டு வாங்கிவிடுவதால், வேகம் குறைவதைத் தவிர வேறொன்றும் தெரியாது. விளையாட்டும் குரலும் அப்படிக் காத்திருக்க முடியாது. அரைச் செக்கனுக்கு முந்திய இடத்தை இப்போது அறிந்து என்ன பயன்? போனது போனதுதான். அதனால்தான் படம் பார்க்கும்போது ஒளிந்திருக்கும் பழுது விளையாடும்போது வெளியே வருகிறது.

கேபிளா துளையா என்று அறிய ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். முதலில் அதே துளையில், நல்லதென்று தெரிந்த குட்டைக் கேபிளை மாட்டினேன். `1 Gbps` வந்தது, 200உம் திரும்பின. ஆகவே துளை நல்லது. அப்போதும் 100 வந்திருந்தால் ரவுட்டரின் அடுத்த துளையில் போட்டுப் பார்த்திருப்பேன். இடி மின்னலுக்குப் பிறகு ஒரு துளை மட்டும் பாதி செத்துக் கிடப்பதும், உள்ளே ஓர் ஊசி வளைந்திருப்பதும் நடக்கிற விசயம். நல்ல கேபிளில் மடிக்கணினி 1000இலும் பிளேஸ்டேஷன் மட்டும் மோசமாகவும் இருந்தால், பழுது பிளேஸ்டேஷனின் துளையில். அதற்குத் திருத்துநர் வேண்டும், அல்லது வைஃபை.

இந்த வீட்டில் குற்றவாளி முகட்டு வழியாகப் போன 20 மீற்றர் கேபிளின் பிளக். மண்ணிறக் கம்பி நுனிவரை எட்டவே இல்லை. பச்சைக் கம்பியின் தொடுகையில் பாசி போலப் பச்சை படிந்திருந்தது. முன்னது வேகத்தைக் குறைத்தது, பின்னது பொதிகளைத் தின்றது.

புது பிளக் அடிக்கும்போது ஒரு கவனம். வரிசை இது: செம்மஞ்சள்-வெள்ளை, செம்மஞ்சள், பச்சை-வெள்ளை, நீலம், நீலம்-வெள்ளை, பச்சை, மண்ணிறம்-வெள்ளை, மண்ணிறம். பச்சைச் சோடி நீலத்தைத் தாண்டிப் பிரிந்து நிற்பது பிழை போலத் தெரியும். சிலர் அதை ‘ஒழுங்காக்கி’ சோடி சோடியாக அடுக்கிவிடுவார்கள். இரு முனையிலும் அப்படியே அடித்தால் கடைகளில் இருக்கும் சின்னச் சோதனைப் பெட்டியில் எட்டு விளக்கும் ஒழுங்காக எரியும், ஏனெனில் அது கம்பி தொடர்கிறதா என்று மட்டுமே பார்க்கிறது. ஆனால் 3ஆம், 6ஆம் ஊசிகளுக்குப் போவது ஒன்றாக முறுக்கிய சோடியாக இராது; பக்கத்துக் கம்பியின் சமிக்ஞை உள்ளே கசிந்து, பொதிகள் மறுபடி தொலையும்.

பிளக்கை வெட்டிப் புதிதாக அடித்தோம். `1 Gbps`, 200க்கு 200. பக்கேஜ் மாற்றவில்லை. பொடியனின் பாத்திரம் இப்போது பின்னுக்கு இழுபடுவதில்லை, குரலும் அறுபடுவதில்லை. ஆனால் ரொறன்ரோ 13,000 கிலோமீற்றருக்கும் அப்பால் இருக்கிறது. ஒளியிழைக்குள் ஒளி ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர்தான் ஓடும். போய்வர 130 மில்லிசெக்கனாவது எடுக்கும், நடைமுறையில் அதைவிடக் கூட. அந்தத் தாமதத்தை எந்தக் கேபிளும் குறைக்காது.