வங்கிக் குறைதீர்ப்பாளர்

வங்கிச் சேவைக் குறைபாடுகள் குறித்த வாடிக்கையாளர் புகார்களைக் கட்டணமின்றி விசாரித்துத் தீர்க்க ரிசர்வ் வங்கி நியமிக்கும் அதிகாரி வங்கிக் குறைதீர்ப்பாளர் எனப்படுவார். 1995இல் தொடங்கிய இவ்வமைப்பு, 2021 நவம்பர் 12இல் ஒருங்கிணைந்த திட்டமாயிற்று.

அத்திட்டத்தின்படி முதற்புகார் வங்கிக்கே எழுத்தில் செல்ல வேண்டும். 30 நாளில் பதில் வராதபோதோ, வந்த பதில் நிறைவளிக்காதபோதோ குறைதீர்ப்பாளரை அணுகலாம். பதில் கிடைத்திருப்பின் அந்நாளிலிருந்து ஓராண்டும், கிடைக்காவிடின் வங்கியிடம் புகாரளித்த நாளிலிருந்து ஓராண்டும் 30 நாளும் கெடுவாகும். சான்றாக, திருக்காட்டுப்பள்ளியில் சம்பா நெற்பயிர்க் காப்பீட்டுத் தவணையைக் கடன் கணக்கிலிருந்து பிடித்த வங்கி அதைக் காப்பீட்டு நிறுவனத்துக்குச் செலுத்தத் தவறியதாக ஒரு விவசாயி 2023 ஜூன் 1இல் புகாரளித்து, பதிலே பெறாவிடில், 2024 ஜூலை 1 வரை அவருக்குக் காலம் உண்டு. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் இத்திட்டத்தில் அடங்கா என்பது டெல்டா விவசாயிகள் முதலில் கவனிக்க வேண்டிய வரம்பாகும்.

இத்தகைய புகாருடன், பிடித்தம் பதிவான பாஸ்புக் பக்கம், கிராம நிர்வாக அலுவலர் வழங்கிய அடங்கல், வங்கிக்கு அளித்த மனுவின் நகல், வங்கியின் பதில் இருப்பின் அது ஆகியவற்றை இணைக்க வேண்டும். இவற்றுள் மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான வங்கி முத்திரையோ பதிவு அஞ்சல் ரசீதோ மிக முக்கியமானது. பதில் வராதபோது கெடு கணக்கிடப்படுவது அந்தத் தேதியைக் கொண்டே என்பதாலும், முதற்புகார் எழுத்தில் இருக்க வேண்டும் என்பதாலும், வாய்மொழியாக மட்டும் முறையிட்டவரின் புகார் ஏற்கப்படுவதில்லை. நீதிமன்றத்தில் நிலுவையிலுள்ள வழக்கும் ஏற்கப்படாது.

புகாரை cms.rbi.org.in தளத்திலோ, சண்டிகரிலுள்ள மையத்துக்கு அஞ்சலிலோ அனுப்பலாம். குறைதீர்ப்பாளர் வங்கியின் எழுத்து விளக்கத்தைப் பெற்று முதலில் சமரசத்துக்கு முயல்வார். அது கைகூடாவிடில் தீர்ப்பாணை வழங்குவார் அல்லது புகாரை நிராகரிப்பார். ஆணையைப் புகாரளித்தவர் 30 நாளுக்குள் எழுத்தில் ஏற்காவிடில் அது செயலிழந்துவிடும்.