வெளிநாட்டு மருந்து பெட்டியை போட்டோ எடுத்துப் படிக்கிறீர்களா? ஒரு கமா தவறினால் என்ன ஆகும்?

வெளிநாட்டில் இருந்து வரும் சொந்தக்காரர்களின் பெட்டியில் சாக்லேட், தைலத்தோடு ஒன்றிரண்டு மருந்துகளும் இருக்கும். அவர்கள் ஊருக்குத் திரும்பிய பிறகு அந்த மருந்துகள் பிரிட்ஜ் மேலேயோ அலமாரியிலோ தங்கிவிடும். நடு ராத்திரியில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் முதலில் கைக்குக் கிடைப்பதும் அதுதான். அட்டையில் எழுதியிருப்பது புரியாது. உடனே போனில் போட்டோ எடுத்து, வாட்ஸ்அப்பில் மகனுக்கு அனுப்புவார்கள். அல்லது படத்தை மொழிபெயர்த்துக் காட்டும் வசதியில் வைத்துப் பார்ப்பார்கள்.

பெரும்பாலும் பொருள் சரியாகத்தான் வரும். ஆனால் மருந்து பெட்டியில் ஒரு புள்ளி, ஒரு கமா, ஒரு சின்னச் சொல் விடுபட்டாலே அளவு தலைகீழாகிவிடும். எங்கே தவறு நடக்கிறது, அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு உதாரணம்: ஜெர்மனியில் இருந்து வந்த காய்ச்சல் சிரப்

திருச்சியில் இருக்கும் ஒரு பாட்டியின் வீட்டை எடுத்துக்கொள்வோம். பேரனுக்கு 2 வயது, எடை 12 கிலோ. காய்ச்சல் வந்தால் இங்கே வாங்கும் பாராசிட்டமால் சிரப்பில் 7.5 மில்லி கொடுக்கச் சொல்லி டாக்டர் எழுதியிருக்கிறார். பாட்டிக்கு அந்த 'ஏழரை' மனப்பாடம்.

அன்று ராத்திரி அந்த சிரப் தீர்ந்துவிட்டது. ஜெர்மனியில் இருந்து மருமகள் கொண்டுவந்த சிரப் இருக்கிறது. போட்டோ எடுத்துப் பார்த்தால் பாராசிட்டமால் என்றே வருகிறது. 'அதே மருந்துதானே, அதே அளவு கொடுத்தா போச்சு' என்றுதான் யாருக்கும் தோன்றும். சிக்கல் இங்கேதான்.

மருந்து ஒன்றுதான், ஆனால் அடர்த்தி வேறு. பாட்டி வழக்கமாகக் கொடுக்கும் சிரப்பில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. அந்தக் கணக்கில் 7.5 மில்லி என்றால் 180 மில்லிகிராம். ஒரு கிலோ எடைக்கு 15 மில்லிகிராம் என்பது குழந்தைகளுக்கு ஒரு வேளைக்கு டாக்டர்கள் கொடுக்கும் மேல் அளவு. 12 கிலோ குழந்தைக்கு அது 180 மில்லிகிராம்தான். கணக்கு சரி.

ஜெர்மன் பெட்டியில் இருப்பது 200 mg/5 ml. அதாவது 5 மில்லிக்கு 200 மில்லிகிராம். இதில் 7.5 மில்லி கொடுத்தால் குழந்தைக்குப் போவது 300 மில்லிகிராம், கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் மடங்கு. இதை ஒரு நாளில் 4 முறை கொடுத்தால் 1,200 மில்லிகிராம். ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 60 மில்லிகிராம் என்ற உச்ச வரம்பின்படி இந்தக் குழந்தைக்கு 720 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. இந்த சிரப்பில் அதே 180 மில்லிகிராம் வர 4.5 மில்லி போதும்.

ஆகவே பெட்டியில் முதலில் தேட வேண்டியது மருந்தின் பெயர் மட்டும் அல்ல. 'எத்தனை மில்லியில் எத்தனை மில்லிகிராம்' என்ற ஜோடி எண்ணைத் தேட வேண்டும். மில்லி என்பது ஊற்றும் அளவு, மில்லிகிராம் என்பது அதில் கரைந்திருக்கும் மருந்தின் அளவு. இரண்டும் சேர்ந்து தெரியாமல் சிரப் கொடுக்கவே கூடாது.

கமாவும் புள்ளியும் இடம் மாறும்

ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி போன்ற நாடுகளில் தசமப் புள்ளிக்குப் பதில் கமா போடுவார்கள். நாம் 4.5 என்று எழுதுவதை அவர்கள் 4,5 என்று எழுதுவார்கள். போட்டோவில் வெளிச்சம் பட்டு அந்த கமா மறைந்துபோனால் 4,5 ml என்பது 45 ml ஆகிவிடும். பத்து மடங்கு.

ஜெர்மனியில் இதற்கு நேர்மாறான வழக்கமும் உண்டு. ஆயிரத்தைப் பிரித்துக் காட்டப் புள்ளி வைப்பார்கள். வைட்டமின் டி பெட்டியில் 1.000 I.E. என்று இருந்தால் அது ஒன்று அல்ல, ஆயிரம் யூனிட். I.E. என்பது நாம் IU என்று பார்க்கும் அதே அலகுதான். 20.000 என்று இருந்தால் இருபதாயிரம். அதை 'வெறும் இருபதுதானே' என்று நினைத்து தினமும் போட்டால் பெரிய ஆபத்து.

வளைகுடா நாடுகளில் இருந்து வரும் பெட்டிகளில் ஆங்கிலமும் அரபியும் சேர்ந்தே இருப்பது வழக்கம். ஆங்கிலப் பக்கம் கிழிந்து, அரபி எண் மட்டும் தெரிந்தால் கவனம் தேவை. அரபி எழுத்தில் 5 என்பது ٥ என்று நம்முடைய பூஜ்ஜியம் மாதிரி வட்டமாக இருக்கும். அவர்களுடைய பூஜ்ஜியம் ٠ என்ற வெறும் புள்ளி. ٥٠٠ என்பது 500. மங்கலான போட்டோவில் அந்தப் புள்ளிகள் தூசி மாதிரிதான் தெரியும்.

காலாவதி தேதி எது, பேட்ச் நம்பர் எது?

ஜெர்மன் பெட்டியில் காலாவதி தேதிக்கு முன்னால் Verwendbar bis என்று இருக்கும். 'இதுவரை பயன்படுத்தலாம்' என்று பொருள். 08.2027 என்று மாதமும் வருடமும் மட்டும் இருந்தால், ஐரோப்பிய மருந்துகளில் அந்த மாதத்தின் கடைசி நாள் வரை என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பக்கத்திலேயே Ch.-B. என்று ஒரு எண் இருக்கும். அது பேட்ச் நம்பர். ஆங்கிலப் பெட்டியில் LOT என்று வருவதும் அதுதான். 240612 மாதிரி ஒரு பேட்ச் நம்பரை தேதி என்று நினைத்துக்கொள்வது சுலபம்.

நாள், மாதம் இரண்டும் எண்ணில் இருந்தால் எந்த நாடு என்று பார்க்க வேண்டும். 05/06/2027 என்பது இங்கே ஜூன் 5. அமெரிக்காவில் மே 6. சந்தேகம் என்றால் இரண்டில் முன்னால் வரும் தேதியையே காலாவதி என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

தாய்லாந்தில் புத்த ஆண்டு பயன்படுத்துகிறார்கள். அது நம்முடைய ஆண்டைவிட 543 அதிகம். அங்கே 2569 என்று அச்சிட்டிருந்தால் அது 2026. 'இன்னும் 500 வருஷம் இருக்கு' என்று சிரிக்க வேண்டாம், 543ஐக் கழித்துப் பாருங்கள்.

தேதி சரியாக இருந்தாலும் வேலை முடியவில்லை. சிரப், கண் சொட்டு மருந்துகளுக்கு மூடி திறந்த நாளில் இருந்து தனிக் கெடு உண்டு. ஜெர்மன் பெட்டியில் Nach Anbruch என்ற சொற்களுக்குப் பக்கத்தில் அந்தக் கெடு இருக்கும். 2027 வரை தேதி இருக்கும் பாட்டிலாக இருந்தாலும், திறந்து 6 மாதம்தான் என்று எழுதியிருந்தால் அதுதான் கணக்கு. எப்போது திறந்தது என்று யாருக்கும் நினைவில்லை என்றால் அந்த பாட்டிலை விட்டுவிடுவதே நல்லது. 25 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது என்று எழுதியிருக்கும் மருந்து நம் ஊர் சித்திரை வெயிலில் அலமாரியில் கிடந்திருந்தாலும், அச்சிட்ட தேதியை அப்படியே நம்ப முடியாது.

எச்சரிக்கையில் தொலைந்துபோகும் 'கூடாது'

எச்சரிக்கை வரிகள்தான் பெட்டியிலேயே மிகச் சிறிய எழுத்தில் இருக்கும். அதுவும் மடிப்பில் போய் மாட்டும். ஜெர்மன் மொழியில் nicht என்ற ஐந்தெழுத்துச் சொல்தான் 'வேண்டாம், கூடாது' என்பதைச் சொல்கிறது. அது மடிப்பில் மறைந்தால் '6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பயன்படுத்தக் கூடாது' என்பது 'பயன்படுத்து' என்று மாறிவிடும். வயது, கர்ப்பம், கல்லீரல், சிறுநீரகம், மது ஆகியவை வரும் எந்த வரியும் பாதி மட்டும் தெரிந்தால், அதைத் தடை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

பெயரிலும் ஒரு வலை இருக்கிறது. அமெரிக்கப் பெட்டியில் acetaminophen என்று இருப்பது நம்முடைய பாராசிட்டமாலே. இது தெரியாமல் சளி மருந்து ஒன்று, காய்ச்சல் மாத்திரை ஒன்று என்று சேர்த்துப் போட்டால் ஒரே மருந்து இரண்டு மடங்காகிவிடும். சில நேரம் ஒரே பிராண்ட் பெயரில் வேறு நாட்டில் வேறு மருந்து இருக்கும். அமெரிக்காவில் Flomax என்பது புராஸ்டேட் பிரச்சனைக்கான மருந்து. இத்தாலியில் அதே பெயரில் விற்றது வீக்கத்தைக் குறைக்கும் மருந்து. இதுபோன்ற பெயர்க் குழப்பம் பற்றி அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ 2006லேயே எச்சரித்தது. அதனால் பெரிய எழுத்தில் இருக்கும் பிராண்ட் பெயரை விட்டுவிட்டு, அதன் கீழே சின்னதாக இருக்கும் மருந்துப் பெயரைப் பார்க்க வேண்டும்.

போட்டோவை எப்படி எடுக்க வேண்டும்?

ஒரே ஒரு போட்டோ போதாது. பெட்டியின் ஆறு பக்கங்களையும் எடுங்கள். உள்ளே இருக்கும் பாட்டிலையோ அட்டையையோ தனியாக எடுங்கள். பெட்டி ஒன்று, உள்ளே மருந்து வேறு என்பது பல வீடுகளில் நடப்பதுதான். இரண்டிலும் மருந்துப் பெயர், அளவு, பேட்ச் நம்பர் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும்.

காலாவதி தேதியை மை இல்லாமல் அழுத்திப் பதித்திருப்பார்கள். அதை நேராகப் பிளாஷ் அடித்து எடுத்தால் வெள்ளையாகத்தான் வரும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் நிழல் விழுந்து எண்கள் தெரியும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது HD என்பதைத் தேர்வு செய்யுங்கள். இல்லையென்றால் படம் சுருங்கி, கமாவும் புள்ளியும் கரைந்துவிடும்.

மொழிபெயர்ப்பு வந்த பிறகு எண்களை மட்டும் அசல் பெட்டியில் கண்ணால் சரிபாருங்கள். இரண்டு கோணத்தில் எடுத்த போட்டோவில் இரண்டு விதமான எண் வந்தால், இரண்டையும் நம்பக் கூடாது. அந்த ஊரில் இருக்கும் மகனோ மகளோ வீடியோ காலில் எண்ணை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படிப்பது இன்னும் நல்லது. ஆனால் அவர்கள் சொல்லக்கூடியது என்ன எழுதியிருக்கிறது என்பதை மட்டும்தான். கொடுக்கலாமா என்பதை டாக்டரோ மருந்தாளுநரோதான் சொல்ல வேண்டும்.

தவறாகக் கொடுத்துவிட்டால்?

பாராசிட்டமாலில் உள்ள பெரிய ஆபத்து, அளவு மீறிப் போனாலும் முதல் நாள் ஒன்றும் தெரியாது. குழந்தை லேசாக வாந்தி எடுக்கலாம், அல்லது சாதாரணமாக விளையாடிக்கொண்டே இருக்கலாம். கல்லீரல் பாதிப்பு வெளியே தெரிய ஓரிரு நாட்கள் ஆகலாம். இதற்கு அசிட்டைல்சிஸ்டீன் என்ற மாற்று மருந்து இருக்கிறது. அளவு மீறிய 8 மணி நேரத்துக்குள் தொடங்கினால் அது மிக நன்றாக வேலை செய்யும். அதனால் 'குழந்தை நல்லாத்தானே இருக்கு' என்று காத்திருக்கக் கூடாது.

வாந்தி எடுக்க வைக்க முயற்சி செய்யாதீர்கள். கொடுத்த நேரம், எத்தனை மில்லி, குழந்தையின் எடை மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, பாட்டிலையும் பெட்டியையும் கையோடு எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போட்டோ மட்டும் போதாது. ஆம்புலன்ஸுக்கு 108, தமிழ்நாட்டில் மருத்துவ ஆலோசனைக்கு 104. 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் எந்த சிரப்பும் கொடுக்காமல் நேராக டாக்டரிடம் போக வேண்டும்.

திருச்சி பாட்டி அன்று ராத்திரி செய்ய வேண்டியதும் சின்ன வேலைதான். ஜெர்மன் பாட்டிலைத் திறக்காமல் வைத்துவிட்டு, 24 மணி நேர மருந்துக்கடையில் பழைய சீட்டைக் காட்டி வழக்கமான சிரப்பை வாங்கலாம். அங்கே கொடுக்கும் பாட்டிலிலும் 5 மில்லிக்கு 120 என்றுதான் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும். ஏனென்றால் நம் ஊர் கடையிலேயே 250 என்று இன்னொரு பாட்டிலும் விற்கிறது.